பூசணிக்காயை நம்பிய கை

வேப்பம்பட்டிலிருந்து ரயிலேறி அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வரும் கஜபதிக்கு, எடை போடுவது ஒரு வியாதி. கடலைப் பொட்டலத்தைக்கூட உள்ளங்கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பிரிப்பார். இந்த வியாதியைக் கம்பெனி முதலாளி தேவராஜ் 1993இல் உத்தியோகமாகவே ஆக்கினார். தோள், முழங்கை என்று இரண்டே மூட்டுகள் கொண்ட இயந்திரக் கை ஒன்றை அங்கே செய்துகொண்டிருந்தார்கள். அதன் ஒவ்வொரு துண்டையும் நிறுத்துச் சொல்ல வேண்டியது கஜபதியின் பொறுப்பு.

கணக்குப் போட்டவள் எஞ்சினியர் வனஜா.

"முழங்கைய ஆட்டினா தோளு உதைபடுது. வேகம் ஏறினா இன்னொரு இழுப்பு. கைய நீட்டினா கனம் கூடுது, மடக்கினா கொறையுது. இத்தனையையும் கம்ப்யூட்டர் முன்னாடியே கணக்குப் போட்டு, அந்தந்த மோட்டாருக்கு எதிர் முறுக்கு கொடுத்துடும் அண்ணே. எல்லாம் கழிஞ்சுபோய், கை சொன்னபடி கேக்கும்."

"நான் சொன்ன எடை தப்பாயிருந்தா?"

"இல்லாத பாரத்தைக் கழிக்கும். கை தன்னால எகிறும்."

அதைக் கேட்டதிலிருந்து கஜபதிக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. இயந்திரங்களுக்குப் பூசணிக்காய் சுற்றுவது உலக வழக்கம்; இயந்திரமே சுற்றட்டும் என்பது தேவராஜின் ஞானம். கஜபதி காயை நிறுத்தார். ஆறு கிலோ இருநூறு. வனஜா அதைக் கணக்கில் சேர்த்தாள். காய் குலுங்கி, மேலே எரியும் கற்பூரம் விழுந்துவிடக் கூடாது என்று, பிழையைத் திருத்தும் பிடிப்பை மிகவும் தளர்த்தி வைத்தாள். அதாவது, கணக்கு தப்பினால் கையை இழுத்து நிறுத்த ஆள் இல்லை.

"மூணு சுத்து சுத்தி ஸ்டூல் மேல எறக்கும். கரண்ட்டை நிறுத்திட்டுதான் காயை எடுக்கணும்" என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள். எல்லோரும் பக்தியோடு தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல் கஜபதிக்குப் பிடிக்கவில்லை.

"மொதலாளி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"இன்னாபா கஜபதி, சாமி முன்னாடி பயந்துகினு கீற? பூஜை நடுவுல எவனாவது கைய நிறுத்துற செவப்பு பட்டனைத் தொட்டீங்க, அபசகுனம். அன்னிக்கோட சீட்டு கிழிஞ்சிரும்!"

கை எழுந்தது. முனையிலிருந்த கூடையில் பூசணிக்காய் அம்மன் படத்துக்கு முன் வட்டமிட்டது. ஒரு துளி நடுக்கம் இல்லை. கழித்த கணக்கு அத்தனை சுத்தம். அந்தச் சுத்தத்தைப் பார்த்துத்தான் கஜபதி முதலாளியின் பக்கத்தில் போய் நின்றார். கை ஆடினால் எவனும் கிட்டே போகமாட்டான். ஆடாத கையை ஆட்டுக்குட்டிபோல நம்புவான்.

இரண்டாவது சுற்று முடிந்தது; கற்பூரமும் எரிந்து அணைந்தது. தேவராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ராகுகாலம் வர்து. ரெண்டே போதும்" என்று குனிந்து, இரண்டு கையாலும் காயைக் கூடையிலிருந்து தூக்கினார். அவருடைய மோவாய் கூடைக்கு நேர் மேலே இருந்தது.

கம்ப்யூட்டருக்கு ராகுகாலம் தெரியாது. ஆறு கிலோ இருநூறு இன்னும் இருப்பதாகவே நம்பி, அதைத் தாங்கும் முறுக்கை மோட்டாருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. தாங்க ஒன்றும் இல்லாததால் கை விருட்டென்று மேலே கிளம்பியது.

கஜபதி யோசிக்கவில்லை. முதலாளியின் மார்பில் கை வைத்துத் தள்ளினார். எழும்பிய கூடை கஜபதியின் இடது தோள்பட்டை எலும்பில் மோதியது. 'டக்' என்று ஒரு சத்தம். வனஜா சிவப்புப் பொத்தானை அறைந்தாள். கை உயிர் போனதுபோல் தொங்கியது. மல்லாந்து விழுந்த தேவராஜின் மடியில் காய் உடையாமல் இருந்தது. அவர் முகத்தில் பரவசம்.

"பாத்தியா? கை தூக்கி என்னை ஆசீர்வாதம் பண்ணிச்சி!"

ஊழியர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பூஜை நடுவில் முதலாளியைத் தள்ளியதற்கு, மாவுக்கட்டோடு வந்த கஜபதியிடம் விளக்கம் கேட்டு மெமோ நீட்டப்பட்டது. பட்டனைத் தொட்ட வனஜாவின் சீட்டு கிழிக்கப்படவில்லை. கணக்கு தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளும் தன் பங்குக்கு முதலாளியிடம் எடுத்துச் சொன்னாள்.

"சார், அது ஆசீர்வாதம் இல்ல. கணக்கில இருந்த பாரம் கையில இல்ல, அவ்வளவுதான்."

"அதாம்மா தெய்வச் செயல். வர்ற வெள்ளிக்கெழமை பேங்க் மேனேஜர் குடும்பத்தோட வர்றாரு. அதேமாதிரி பண்ணிடு."

கஜபதி மெமோவுக்குப் பதில் எழுதவில்லை. ஒற்றைக் கையால் மஞ்சள் பெயிண்டை எடுத்து, இயந்திரக் கை எட்டும் தூரம்வரை தரையில் கோடு போட்டார். உள்ளே யாரும் வரக் கூடாது என்று எல்லோரிடமும் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை வந்து பார்த்தார். மஞ்சள் கோட்டுக்குள் அழகாகக் கோலம் போட்டிருந்தார்கள். கோலத்தின் நடுவில் விருந்தாளிகளுக்கு நான்கு நாற்காலிகள். அவற்றில் ஒன்று சின்னது.

கஜபதி இயந்திரக் கையின் மின்பெட்டியைத் திறந்து மூன்று ஃப்யூஸ்களையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் திரும்பி ஸ்டேஷனுக்கு நடந்தார்.