குறை இருந்தால் மன்னிக்கவும்

என் வீட்டுக்காரர் சில்வெஸ்டருக்குப் பிறவிக் கோளாறு ஒன்று உண்டு. விருந்து வைத்தாலும் சரி, வீடு கட்டினாலும் சரி, கடைசியில் "குறை இருந்தா மன்னிச்சுக்கோங்க" என்று கை கூப்பாமல் விடமாட்டார். அந்த ஒரு வார்த்தையால் எங்கள் லோரியே கையை விட்டுப் போகப் பார்த்தது.

மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்து சண்டை போட்ட அவசரகாலம். கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களை இடித்து, ஒரே இடத்தில் புது லயம் கட்டி முள்கம்பி வேலி போடும் காண்ட்ராக்ட் இவருக்குக் கிடைத்தது. பழைய தகரத்தைக் கழற்றி விற்றுக்கொண்டிருந்த மனிதர், ஐந்தே வருடத்தில் காண்ட்ராக்டர் ஆகியிருந்தார். வேலையும் சுத்தமாகத்தான் முடிந்தது. ஆனால் ஒவ்வொரு பில்லிலும் நூற்றுக்குப் பத்து பிடித்து வைப்பார்கள். வேலை முடிந்ததும் அதில் பாதி வந்துவிட்டது. மீதிப் பாதி, ஆறு மாதப் பராமரிப்புக் காலம் முடிந்து, குறைகளைச் சரிசெய்த பிறகுதான். அதை நம்பித்தான் செகிஞ்சான் மரக்கடைச் சீன முதலாளி தவுக்கேயிடம் லோரியை ஈடு வைத்திருந்தார். பராமரிப்புக் காலம் முடிந்த அடுத்த மாதக் கடைசிக்குள் பணம் கட்டாவிட்டால் லோரி தவுக்கேக்கு. லோரி போனால் இவர் மறுபடி தகரம் பொறுக்க வேண்டியதுதான்.

ஆறு மாதம் முடிந்ததும் இவரே இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். என்னிடம் காட்டவில்லை, பெரிய மனுஷன்! தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணி சிவானந்தத்திடமிருந்து பதில் வந்தது: "வேலையில் குறை இருப்பதைத் தாங்களே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். அறுந்து கிடக்கும் வடக்கு வேலியைத் தங்கள் செலவில் சரிசெய்யும் வரை பணம் விடுவிக்க இயலாது."

அந்தப் பதிலை அவர் முன்னால் நீட்டினேன். "என்னய்யா எழுதித் தொலைச்சீங்க?"

"மரியாதைக்கு, கடைசில ஒரு வரி… குறை இருந்தா மன்னிக்கவும்னு…"

"காசு கேட்கிற கடுதாசியில கல்யாணப் பந்தி பேச்சா?"

வேலியை ராத்திரியில் யாரோ வெட்டியிருந்தார்கள். அதற்கு இவர் எப்படிப் பொறுப்பு? இன்று கம்பி கட்டிக் கொடுத்தால், நாளை இன்னொரு இடத்தில் வெட்டுவார்கள். நாங்கள் சாகும்வரை பணம் வராது.

இவருக்குக் கோபம் தாமதமாக வரும், வந்தால் வெள்ளம். உட்கார்ந்து இரண்டாவது கடிதம் எழுதினார். ரத்தத்தை உறிஞ்சுகிறீர்கள், கோர்ட்டுக்கு இழுப்பேன், தகரத்தைப் பிடுங்கிக்கொண்டு போவேன். கெஞ்சத் தெரியும், இல்லாவிட்டால் குதிக்கத் தெரியும்! நடுவில் ஒன்று இருப்பது இந்த மனிதருக்குத் தெரியவே தெரியாது.

"அடுத்த வேலையும் அந்தத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைகிட்டதான் கேட்கணும், ஞாபகம் இருக்கட்டும்" என்று அதைக் கிழித்துப் போட்டேன். கிள்ளான் கான்வெண்டில் நான் படித்த இங்கிலீஷ் அடுப்படியில் கிடந்து துருப்பிடித்திருந்தது. கோயில் ஃபாதரிடம் டைப்ரைட்டரைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன்.

பராமரிப்புக் காலம் முடிந்த தேதியை முதல் வரியில் வைத்தேன். தோட்டம் பட்டியலிட்ட குறைகள், அதாவது ஒழுகிய கூரையும் இறுகிய கதவுகளும், சரிசெய்யப்பட்டதற்குக் கிராணியே போட்ட கையெழுத்தின் நகலை இணைத்தேன். பிறகு அந்த இடத்துக்கு வந்தேன். முந்திய கடிதத்தின் மன்னிப்பு எங்கள் வழக்கத்து மரியாதை, குறையை ஒப்புக்கொண்டதல்ல. வேலி 'டிபெக்ட்' அல்ல, 'டேமேஜ்'. எங்கள் வேலையில் பிறந்த பழுது வேறு, வெளியார் செய்த சேதம் வேறு.

"அவ்ளோதானே, போட்டு முடி" என்றார் இவர்.

"சும்மா இருங்கலா." கடைசிப் பத்திதான் எனக்குப் பெருமை. வேலிக்குள் இருப்பவர்களின் பாதுகாப்பு எங்களுக்கும் முக்கியம். தோட்டம் கம்பி கொடுத்தால் இந்த வாரமே ஆள் அனுப்புகிறோம், கூலியைத் தனி வேலையாகப் பேசிக்கொள்ளலாம். வியாழக்கிழமை துரையோடு சேர்ந்து சுற்றிப் பார்க்க வருகிறோம். பார்த்துத் திருப்தியானால், ஒப்பந்தப்படி பதினான்கு நாளுக்குள் பிடித்தப் பணத்தை விடுவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

வியாழனன்று நானும் போனேன். துரை வடக்கு வேலியில் குனிந்து, அறுந்த முனையை விரலால் தடவினார். கட்டரால் வெட்டியது பளிச்சென்று தெரிந்தது. தூணை ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. கிராணியைத் திரும்பிப் பார்த்து, "டேமேஜ்" என்றார். என் வார்த்தை! துள்ளிக் குதிக்கத் தோன்றியது, குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சிவானந்தமும் கெட்டவரல்ல. "கடுதாசி நல்லா இருந்துச்சுமா. கோபப்பட்டு எழுதியிருந்தா துரைகிட்ட வச்சிருக்கவே மாட்டேன்" என்றார்.

மாதக் கடைசிக்கு முன்பே செக் வந்தது. வேலிக்குத் தனிக் கூலியும் வந்தது. தவுக்கேயிடம் ஈட்டுச் சீட்டை வாங்கிக் கிழித்துவிட்டு, செகிஞ்சானிலிருந்து வீடு வரை ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார் இவர்.

அந்த வருடம் மகன் கோயிலில் முதன்முதலாக நன்மை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு எல்லோரையும் அதே லோரியில் ஏற்றி வந்தோம். சாப்பாடு முடிந்ததும் இவர் எழுந்து கை கூப்பினார். "ஏதாவது குறை இருந்தா…"

இவரிடம் வேலை செய்யும் தச்சர் முருகையா பந்தியிலிருந்தே கத்தினார்: "வாயால மட்டும் சொல்லுங்க மொதலாளி! எழுத்துல வேணும்னா அக்காகிட்ட விட்டுடுங்க!"