தேநீரும் சாக்ரடீஸும்

எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் ‘மூலம்’. யார் எந்தப் பொன்மொழியைக் கொண்டுவந்தாலும் “மூலம் எங்க?” என்றுதான் கேட்பாள். மேற்கோள் சரிபார்ப்பது அவள் வேலை. பக்கத்து மேசையில் விளையாட்டுச் செய்தி எழுதும் எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அவள் கணவர் இங்கேதான் பக்கங்களை வடிவமைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். போன மாதம் இறந்துபோனார். அவள் காரியங்களை முடித்துவிட்டு வேலைக்கு வந்தாள். அழவில்லை. சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்பாள். டப்பா திறக்காமலே வீடு திரும்பும். ஆறுதல் சொல்லத் தெரியாத எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஞாயிறு மலர் அட்டைக்கு ஆசிரியர் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்திருந்தார். ‘மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன் அன்பை ஊற்றி மூடி வைப்பான் – சாக்ரடீஸ்’. ரோஜாப்பூப் படத்தோடு எல்லார் போனிலும் சுற்றிக்கொண்டிருந்த வரி.

“சாயங்காலம் அச்சுக்குப் போகணும்மா. ஊரே பகிருது, அப்புறம் என்ன?” என்றார் ஆசிரியர்.

“ஊரே பகிர்ந்தா மூலம் ஆயிடாது சார்” என்றாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

சாக்ரடீஸ் தன் கையால் ஒன்றும் எழுதிவைத்துப் போகவில்லை என்று என்னிடம் சொன்னாள். அவருடைய மாணவர்களும் அவர் காலத்தவர்களும் எழுதியதில்தான் தேட வேண்டும். மொழிபெயர்ப்பில் சொல் மாறும் என்பதால் ‘மன்னிப்பு’, ‘ஊற்றி’, ‘மூடி’ என்று ஒவ்வொரு சொல்லாகவும், கருத்தை வைத்தும் தேடினாள். ஒன்றும் இல்லை. வேற்று மொழியிலும் இந்த வரி எங்கும் கிடைக்கவில்லை. பொன்மொழித் தளங்களில் மட்டும் கொட்டிக் கிடந்தது. எதிலும் நூல் பெயர் இல்லை, ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதியவை.

“அப்போ பொய்னு எழுதிட்டுக் கிளம்பேன்” என்றேன்.

“மூலம் கிடைக்கலன்னு எழுதலாம். பொய்னு சொல்லணும்னா எங்க பொறந்துச்சுன்னு பாக்கணும்.”

தேதி வாரியாகப் பின்னால் போனாள். பழைய பதிவுகளில் வரி வேறு மாதிரி இருந்தது. ‘அன்பை’ இல்லை, ‘பாலை’. அதற்கும் முன்னால் ‘தேநீரை’. சாக்ரடீஸ் ஊரில் அந்தக் காலத்தில் தேநீர் ஏது? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. இணையத்தில் அதற்கு முந்தைய பதிவு எதுவும் இல்லை. எங்கள் பத்திரிகையின் பழைய பக்கங்கள் கணினியில் இருக்கின்றன. ‘தேநீரை’ என்று அங்கே தேடினாள்.

பல வருடத்துக்கு முந்தைய ஒரு பக்கம் திறந்தது. வாசகர் கடிதங்களுக்குக் கீழே, இரண்டு வரி அளவு காலி இடத்தை அடைத்துக்கொண்டு: ‘மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன் தேநீரை ஊற்றி மூடி வைப்பான் – சாக்ரடீஸ்’. பக்க விவரத்தில், போட்டவர் என்ற இடத்தில் அவள் கணவர் பெயர்.

எனக்குப் புரிந்துவிட்டது. பத்தியில் இடம் மிஞ்சினால் ஒரு வரி எழுதி அடைப்பது அவர் வழக்கம். பெயர் இல்லாத வரியை ஆசிரியர் வெட்டிவிடுவார் என்று அதை யாராவது பெரிய மனிதர் தலையில் கட்டுவார். நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். தெரிந்தால் தொலைத்துவிடுவாள் என்பதால் அவளிடம் மட்டும் யாரும் சொன்னதில்லை.

அவள் பக்கத்தின் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ நான் அக்கா வீட்டுக்குப் போயிட்டேன். சண்டை. பேப்பரே பாக்கல” என்றாள். “திரும்பி வந்தப்போ மேசையில தேநீர் இருந்துச்சு. தட்டு போட்டு மூடி. ஒரு வார்த்தை பேசலையேன்னு கோவத்துல கொட்டிட்டேன்.”

என் தண்ணீர்ப் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“அழுகை வரும்னு பாத்தேன். வரல” என்றாள். பசிக்கவில்லை என்று சொல்வது போலச் சொன்னாள்.

ஆசிரியர் வந்தார். பக்கத்தைப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போயிற்று. “சாக்ரடீஸை எடுத்துடலாம்மா. ‘யாரோ’ன்னு போட்டுக்கலாம். வெளிய தெரிஞ்சா நம்ம பத்திரிகைக்கும் அவருக்கும் கெட்ட பேரு” என்றார்.

“யாரோ இல்ல சார். மூலம் இருக்கு.”

“சரி, போடும்மா” என்றார் ஆசிரியர்.

அட்டையில் ‘அன்பை’ என்பதை அடித்துத் ‘தேநீரை’ என்று திருத்தினாள். சாக்ரடீஸை எடுத்துவிட்டுக் கணவர் பெயரைத் தட்டினாள். கீழே சின்ன எழுத்தில், முதலில் வெளியான தேதியையும், அன்று எங்கள் பத்திரிகை தவறான பெயரில் வெளியிட்டது என்பதையும் சேர்த்தாள். பிறகு, எல்லாப் பெயருக்கும் செய்வது போல, கணவர் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தாள். கடைசி எழுத்துக்கு வந்த விரல் அங்கேயே நின்றுவிட்டது.