இரத்தம் கொடுக்காத செவ்வாய்க்கிழமை

என்னுடைய மனுசன் இந்திரகுமாருக்கு லிஃப்ட் பராமரிக்கிற வேலை. சிட்னி நகரத்துக் கட்டடங்களில் ஏறி இறங்கி, கம்பிக்கயிறு, பிரேக், கதவு எல்லாம் சோதித்து, புத்தகத்தில் கையெழுத்து வைப்பார். பதினேழு வருடத்தில் ஒரு சோதனையும் தவறவிட்டதில்லை. “ஓடுற லிஃப்டைத்தான் பாக்கவேணும். நிண்டபிறகு பாத்து என்ன பிரயோசனம்?” என்று விருந்துக்கு வந்தவர்களையும் விடமாட்டார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது.

2001இல் அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்றார்கள். வெட்டி எடுத்தார்கள். பிறகு ஆறு மாதம் கீமோ. அடுத்த வருடம் டொக்டர் சிகிச்சை முடிந்தது என்று சொன்னபோது நான் கேசரி கிண்டி அயலட்டைக்கெல்லாம் கொடுத்தேன். அவருக்கு ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை, வருடத்துக்கு ஒருமுறை ஸ்கான் என்று அதில் இருந்தது.

ஊசியைக் கண்டு பயப்படாத மனுசன் அந்தத் தாளைக் கண்டு பயந்தார். கீமோ ஏறுகிறபோது ஏதோ ஒன்று நோயோடு சண்டை பிடிக்கிறது என்ற தைரியம் இருந்தது. இப்போது சும்மா இருந்து, வருகிறதா என்று பார்க்கவேண்டும். பரிசோதனைக்கு ஒரு கிழமை முன்னரே வீட்டில் பேய் குடிவந்துவிடும். முதுகு நொந்தால் அது வந்துவிட்டது, வயிறு ஊதினால் அது வந்துவிட்டது. முதல்நாள் ஆறு வடை தின்றது மட்டும் நினைவுக்கு வராது.

2003 ஓகஸ்டில், புற்றுநோய் திரும்புகிறதா என்று இரத்தத்தில் பார்க்கிற எண் இரண்டரையிலிருந்து நாலுக்கு வந்திருந்தது. ஐந்துக்குள் இருந்தால் சரிதான், நோய் இல்லாமலும் கொஞ்சம் ஏறி இறங்கும், அடுத்த முறையும் பார்த்துவிட்டுப் பேசுவோம் என்றார் டொக்டர். இவருக்கு ‘ஏறி’ என்பது மட்டும்தான் கேட்டது.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை இரத்தம் கொடுக்கவென்று போனவர் மத்தியானம் கழித்து வந்தார். கொடுத்தாச்சா என்று கேட்டேன். ஓம் என்றார். முழங்கை மடிப்பில் பஞ்சும் இல்லை, பிளாஸ்டரும் இல்லை. நான் சோற்றைப் போட்டுக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை தோய்க்க எடுத்த காற்சட்டைப் பையில் பரிசோதனைப் படிவம் நாலாக மடித்துக் கிடந்தது. கூடவே மேய்ஸ் ஹில் முருகன் கோயில் விபூதிப் பொட்டலம். அந்த மனுசன் கோயிலில் போய்க் குந்தியிருந்திருக்கிறார்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் படிவத்தைப் பையிலேயே வைத்து, காற்சட்டையைத் தோய்க்காமல் திரும்பக் கொழுவிவிட்டேன்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் எடுத்தார். வெள்ளிக்கிழமை டொக்டரைப் பார்க்கவேண்டும், இரத்த முடிவை இன்னும் காணவில்லை என்றார். இரத்தம் கொடுக்கவே போகவில்லை என்று நர்ஸிடம் இவரைத் திட்டித் தீர்த்தேன். நர்ஸ் பொறுமையாகக் கேட்டார். இது கோழைத்தனம் இல்லை, சிகிச்சை முடிந்தவர்களில் பெரும்பாலோருக்கு இந்தப் பயம் இருக்கிறது, பரிசோதனை நெருங்கினால் கூடும், காலம் போகப் போகப் பலருக்குக் குறையும் என்றார். பார்க்காமல் விடுவதால் வருகிற நோய் நிற்காது, நேரத்தோடு கண்டால் செய்வதற்கும் வழி கூடுதலாக இருக்கும் என்றார். கடைசியில், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று என்னைக் கேட்டார். இரண்டரை வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.

படிவத்தை எடுத்துக்கொண்டு அவர் நின்ற பின்வளவுக்குப் போனேன். லிஃப்ட் கதையைச் சொல்லியே அவரை ஒரு பிடி பிடிக்கவேண்டும் என்றுதான் போனேன். படிவத்தைக் கண்டதும் அவர் கதிரையில் இருந்துவிட்டார்.

“குடுத்தால்தானே சொல்லுவினம், பத்மா,” என்றார்.

ஆயத்தப்படுத்தி வைத்திருந்த திட்டெல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. “நான் வியாழக்கிழமையே இதைக் கண்டுட்டன். கேட்டால் நீங்கள் போய்க் குடுப்பியள். குடுத்தால் அவங்கள் சொல்லுவாங்கள். எனக்கும் பயமப்பா,” என்றேன். அவ்வளவு நாளும் அவருக்குத் தைரியம் சொன்னவள் நான். அவருக்குப் பக்கத்தில் இருந்து அழுதேன்.

அடுத்த நாள் இரண்டு பேருமாகப் போனோம். நர்ஸ் ஸ்கானையும் அந்தக் கிழமைக்கே ஒழுங்குபண்ணியிருந்தார். ஸ்கானுக்கென்று கையில் மருந்து ஏற்றியபோது உடம்பெல்லாம் சூடு பரவியது என்றார் இவர். வெள்ளிக்கிழமை டொக்டர் தாளைப் பார்த்துச் சொன்னார்: எண் இரண்டே முக்கால், ஸ்கானில் ஒன்றும் இல்லை. பிறகு அடுத்த படிவத்தை நிரப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அதை அவர் நாலாக மடித்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, விரித்து, பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார்.

“பெப்ரவரிக்கு நீரும் வாரும்,” என்றார்.

ஓம் என்றேன். பெப்ரவரிக்கு இன்னும் எத்தனை நாள் என்று அப்போதே விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிட்டேன்.