கான்கிரீட்டைத் துளைக்காத டிரில்லின் விளம்பரம்

செங்கல்பட்டில் நான் ஒரு சின்ன டிடிபி சென்டர் வைத்திருந்தேன். நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கேபிள் டிவிக்கான விளம்பர ஸ்லைடு எல்லாம் செய்வேன். போட்டோவும் நானே எடுப்பேன். ஃபிலிம் போட்டு எடுத்த காலம் அது. எங்கள் ஊரின் பெரிய ஹார்ட்வேர் கடைக்காரர் கோவளத்தில் புதுக் கிளை திறக்கப்போவதாகச் சொல்லி ஒருநாள் வந்தார். ஈசிஆர் ரோடு ஓரம் முழுக்க அப்போது வீடுகள் முளைத்துக்கொண்டிருந்தன.

"ஒரு டிரில், கொஞ்சம் கைச்சாமான். பார்த்தா வாங்கணும்னு தோணணும். அவ்வளவுதாம்மா" என்றார். எதிரே போட்டிருந்த நாற்காலியில் அவர் உட்காரவில்லை. என் கடையில் உட்கார்வதையே விரும்பாதவர் போல நின்றபடியே பேசினார்.

புது உளியையும் ஸ்பேனரையும் பளபளப்பாக அடுக்கி எடுத்தால் எல்லாக் கடை விளம்பரத்தையும் போலத்தான் இருக்கும். உழைக்கிற இடத்தில், உழைக்கிற கையில் வைத்து எடுக்கலாம் என்றேன். முகத்தைச் சுளித்தார். பிறகு, கோவளத்தில் தன்னிடம் சாமான் வாங்கும் ஒரு ஆசாரி இருப்பதாகச் சொல்லி, அங்கேயே போய் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

ஆசாரி கதவு, ஜன்னல் செய்பவர். மீன்பிடிப் படகுகளின் மரவேலையும் பார்ப்பார். நாற்பது வயதிருக்கும். கடலுக்குப் பின்பக்கம் காட்டி நின்ற ஓலைக் கொட்டகைதான் பட்டறை. என்னைப் பார்த்ததும், "இன்னாம்மா, போட்டோவா? என் வேலைய கெடுத்துக்கினு எதுக்கு நிக்கிற?" என்றார். கடைக்காரர் அனுப்பினார் என்றதும் முகம் இன்னும் இறுகியது. ஆனாலும் போகச் சொல்லவில்லை.

வடக்கே திறந்திருந்த வாசலிலிருந்து வெயில் நேராக விழாத வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. பட்டறை பல்பை அணைக்கச் சொன்னேன். அது எரிந்தால் படத்தில் எல்லாம் மஞ்சள் அடித்துவிடும். மறுபக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்தி நிழலைக் கொஞ்சம் வெளுக்க வைத்தேன். கடைக்காரர் கொடுத்தனுப்பிய புது உளி பிளாஸ்டிக் பொம்மைபோலத் தெரிந்ததால் ஒதுக்கிவிட்டு, ஆசாரியின் உளியையே எடுத்துவைத்தேன். தீட்டித் தீட்டி இரும்பு தேய்ந்திருந்தது, கைப்பிடி வியர்வையில் கறுத்திருந்தது. பக்கத்தில் அவருடைய இழைப்புளி. முன்னால் புது டிரில்.

ஆசாரி டிரில்லைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"சுத்தியல் மாதிரி அடிக்கிற வேலை இதுக்குக் கெடையாது. சும்மா சுத்தும், அவ்ளோதான். மரத்துக்கும் தகட்டுக்கும் ஓகே. கான்கிரீட்டுக்கு ஆவாது, அதுக்கு ஹேமர் டிரில் வேணும். இத எதுக்குன்னு விக்கிறாரு ஒங்க மொதலாளி?"

"அவர் எனக்கு மொதலாளி இல்லீங்க" என்றேன்.

"எல்லாம் ஒண்ணுதான்."

அவர் ஒரு துண்டுப் பலகையை எடுத்துப் போட்டார். பலகையில் டிரில்லை வைத்து அழுத்தினார். டிரில்லின் முனையில் துளையிடும் பிட்டைச் சுற்றி மரச்சுருள் ஏறிவந்தது. நான் அந்தக் கைகளை எடுத்தேன். முகம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்.

படத்தோடு வாசகமும் எழுதிக் கொடுத்தேன்: 'மரத்துக்கும் இரும்புத் தகட்டுக்கும் ஏற்ற டிரில். கான்கிரீட்டுக்கு ஹேமர் டிரில் தனியாகக் கேளுங்கள்.' கடைக்காரர் படித்துவிட்டுச் சிரிக்காமல் கேட்டார், "ஒரு பொருளை வாங்காதேன்னு சொல்றதுக்கா உன்னைக் கூப்பிட்டேன்?" கடைசி வரியை அடித்துவிட்டார். "படத்தை மட்டும் கொடு. எழுத்தை நான் பார்த்துக்கிறேன்."

கொடுத்தேன். வாதாடியிருக்கலாம். வேறு வேலைகள் இருந்தன, விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு வேலையாக மாமல்லபுரம் போய்விட்டு அங்கிருந்து சென்னைக்குப் போகிற வழியில், கோவளத்தில் பஸ்ஸிலிருந்து ஒரு விளம்பர போர்டைப் பார்த்தேன். ரோட்டோரம், கிளைக் கடையின் மேல், ஆளுயரத்துக்கு என் படம். கீழே சிவப்பில்: 'கான்கிரீட் சுவரையும் வெண்ணெய் போலத் துளைக்கும்!'

அதற்கு மறுநாளே ஆசாரி என் கடைக்கு வந்தார். செங்கல்பட்டுக்கு பஸ் பிடித்து வந்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னா எழுதிக்கீற? ஊர்ல நாலு பேரு வாங்கிட்டு எரிஞ்சிபோச்சின்னு என் வூட்டு வாசல்ல நிக்கிறான். என் கையப் பார்த்து, நான் சொன்னேன்னு நெனச்சிக்கினு வாங்கிருக்கான். கை என்னுதுன்னு கோவளத்துல கண்டுபிடிக்க முடியாதா? அந்த தழும்பு இருக்கே!"

இடது கட்டைவிரலில் ஒரு நீளத் தழும்பு. படம் எடுத்தபோது அழகாக இருக்கிறது என்று நான்தான் வெளிச்சத்துக்குத் திருப்பச் சொன்னேன்.

"நான் எழுதினது வேற. அவர் மாத்திட்டாரு" என்றேன். சொல்லும்போதே எவ்வளவு சப்பையாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது.

"அப்போ வந்து அங்க சொல்லு."

போனோம். பஸ்ஸில் அவர் முன்னால், நான் பின்னால்.

கோவளம் கிளைக் கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கடைக்காரர் என்னைப் பார்த்து, "நீயுமா?" என்றார். பிறகு ஆசாரியிடம், "ஏம்பா, வேலை தெரியாதவன் எரிச்சா சாமான் மேல பழியா?" என்று கேட்டு, காட்சி அலமாரியிலிருந்து அதே டிரில்லை எடுத்து, சுவருக்கான பிட்டை மாட்டி, டிரில்லோடு வரும் சாவியால் இறுக்கினார். பக்கச் சுவரில் அழுத்தினார். விர்ரென்று உள்ளே போயிற்று. வெள்ளைத் தூள் கொட்டியது. கூட்டத்தைப் பார்த்து, "பார்த்தீங்களா?" என்றார்.

"அது சிமென்ட் பூச்சு, அண்ணாத்த. அரை இன்ச்சு கனம்" என்றார் ஆசாரி. "தூணுல போடு."

கடைக்காரர் போடவில்லை. ஆசாரியே டிரில்லை வாங்கிக் கான்கிரீட் தூணில் வைத்தார். பூச்சு வரை இறங்கியது. பிறகு ஜல்லியில் நின்றது. பிட் சுற்றிக்கொண்டே இருந்தது, உள்ளே போகவில்லை. ஆசாரி உடம்பை வைத்து அழுத்தினார். பிட்டின் நுனி நீலம் பாரித்தது. டிரில்லின் காற்றுத் துளை வழியே பொறி தெரிந்தது. மோட்டார் கருகும் வாசனை வந்ததும் விசையை விட்டார்.

நான் கடைக்காரர் முன்னால் போய் நின்றேன். "சார், கான்கிரீட்டுக்கு ஹேமர் டிரில் தனியா கேளுங்கன்னு நான் எழுதிக் கொடுத்தேன். நீங்கதான் அந்த வரிய அடிச்சீங்க."

"வெளிய போ" என்றார். அப்புறம் ஆசாரியையும் பார்த்து, "நீயும்தான்."

போகாமல் நின்றவர்கள், டிரில் வாங்கி ஏமாந்தவர்கள்தான். வாசலில் இருவர் டிரில் பெட்டியோடு வந்துவிட்டிருந்தார்கள். மாலைக்குள் அந்தச் சிவப்பு வரி மேல் வெள்ளை பெயின்ட் பூசப்பட்டிருந்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன். பழுதான டிரில்லை மாற்றிக் கொடுத்தாராம், முணுமுணுத்துக்கொண்டே.

எனக்கு அதற்கப்புறம் அந்தக் கடையிலிருந்து ஒரு வேலையும் வரவில்லை. அவருடைய சொந்தக்காரர்கள் வைத்திருந்த மூன்று கடைகளின் வேலையும் நின்றுபோயிற்று.

ஆசாரி நன்றி சொல்லுவார் என்று எதிர்பார்த்துக்கொண்டுதான் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். அவர் சட்டையிலிருந்த தூளைத் தட்டிக்கொண்டே, "அந்த வரிய அடிச்சது ஒனக்கு முன்னாடியே தெரியும். எரிஞ்ச பின்னாடிதான் வாய தொறந்த" என்றார். தாம்பரம் பஸ் வந்தது, அங்கே இறங்கி செங்கல்பட்டுக்கு மாறிக்கொள்ளலாம். நான் ஏறினேன். அவர் திரும்பிப் பார்க்காமல் பட்டறைப் பக்கம் நடந்தார்.