மெத்தென்ற வாய்க்கட்டு

இருளாயியின் கைகள் பழைய வேட்டித் துணியை மூன்று புரியாகப் பின்னிக்கொண்டிருந்தன. ஈப்போ மிருக வைத்தியசாலை வாசலில் அவள் நாய் காலில் புண்ணோடு நடுங்கியது. இருட்டோடு அவள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகும்போது அதுதான் துணை. போன தடவை இங்கே சணல் கயிற்றால் வாயைக் கட்டியதில் மூக்குத் தோல் உரிந்துவிட்டது. இன்று உள்ளே போக மறுக்கிறது. புண்ணைக் கழுவாவிட்டால் கால் போய்விடும்.

கட்டுப்போடும் ஊழியன் சின்னையா எட்டிப் பார்த்தான்.

"தூக்கிட்டு வாக்கா."

"அந்தக் கயித்தோட வந்தா விடமாட்டேன்லா. என்ன மருந்துன்னும் சொல்லல, அரை வெள்ளி எதுக்குன்னும் சொல்லல."

"அயோடின்க்கா. எரியும், ஆனா சீழ் புடிக்காது. மருந்துக்கு முப்பது காசு, கட்டுக்கு இருபது."

"இத அன்னைக்கே சொன்னா ஒனக்கு வாய் வலிக்குமா? இந்தத் துணிய மூக்கு மேல சுத்தி, தாடைக்குக் கீழ மாத்தி, காதுக்குப் பின்னால முடிச்சுப் போடு, தம்பி."

முடித்த பின்னலை அவன் கையில் வைத்தாள்.