தங்கச்சியோடு போட்டி போட்டு எடுத்த சீட்டு

என் தங்கச்சியைப் பார்த்து எனக்கு வயிற்றெரிச்சல். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே ஊரில் வாக்கப்பட்டு, ஒருத்தி வீட்டில் முதல் தேதி சம்பளம், இன்னொருத்தி வீட்டில் அறுப்புக்கு அறுப்பு பார்த்துக்கொள்ளலாம் என்றால் யாருக்குத்தான் எரியாது? அவள் புருஷனுக்கு நீடாமங்கலம் ரயில்வே ஸ்டேஷனில் வேலை. என் வீட்டுக்காரர் குத்தகை சாகுபடி. அவள் வீட்டு ரேடியோ எங்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்கும். வேண்டுமென்றேதான் சத்தமாக வைப்பாள் என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

நிலத்துக்கு உச்சவரம்பு வந்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலம் அது. ஒரு பக்கம் செங்கொடி ஊர்வலம் போகும், இன்னொரு பக்கம் ஆளுங்கட்சி மேடையில் உழுகிறவனுக்கே நிலம் என்று மைக்கில் முழங்குவார்கள். எங்கள் நிலத்துக்குச் சொந்தக்காரர் மெட்ராஸில் இருந்தார். சர்க்கார் கைக்குப் போவதற்குள் துண்டு துண்டாக விற்றுவிடுவோம் என்று அவர் முடிவு பண்ணியிருந்தார். அதில் வாய்க்கால் ஓரத்தில் நாங்கள் உழுதுகொண்டிருந்த ஒரு மாவும் இருந்தது. மூன்று மா சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். பார்வைக்குச் சின்ன நிலம்தான். ஆனால் தண்ணீர் முதலில் பாய்கிற நிலம்.

அவர் நிலங்களை இங்கே பார்த்துக்கொண்டிருந்த காரியக்காரர் வந்து சொன்னார்: "ரெண்டாயிரம். ஆடி கடைசிக்குள்ள பணம் வரணும். மொதல்ல உங்களத்தான் கேக்கச் சொல்லியிருக்காரு. இல்லேன்னா யாரு பணம் கொண்டாந்தாலும் குடுத்துருவோம்."

எங்கள் கையில் ஆயிரத்து இருநூற்றைம்பது தேறியது. என் வளையலும் அதற்குள் அடக்கம். இன்னும் எழுநூற்றைம்பது வேண்டும். சீட்டு இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன்.

கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர்தான் சீட்டுக்காரர். இருபது பேர், மாதம் ஐம்பது ரூபாய், இருபது மாதம். நானும் என் தங்கச்சியும் அதில் இருந்தோம். ஆயிரம் ரூபாய்ச் சீட்டு. ஆயிரம் என்றால் ஆயிரமும் கையில் வந்துவிடாது. மாதம் ஒரு தடவை கடையின் பின்கட்டில் ஏலம் நடக்கும். பணம் தேவைப்படுகிறவர்கள் 'எனக்கு நூறு தள்ளு', 'எனக்கு நூற்றைம்பது தள்ளு' என்று கேட்பார்கள். அதாவது, ஆயிரத்தில் அவ்வளவு குறைத்துக் கொடுத்தால் போதும் என்று அர்த்தம். யார் அதிகம் தள்ளுகிறார்களோ அவர்களுக்குச் சீட்டு. தள்ளின பணத்திலிருந்து, ஆயிரத்துக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் என்று ஐம்பது ரூபாய் சீட்டுக்காரருக்குக் கமிஷன். மிச்சத்தை இருபது பங்காகப் பிரித்து, ஒவ்வொருத்தர் அந்த மாதம் கட்டவேண்டியதில் கழித்துவிடுவார். அதற்குப் பெயர் கழிவு. நானூறுக்கு மேல் தள்ளக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். முதல் மாதச் சீட்டு மட்டும் தள்ளுபடி இல்லாமல் அவருக்கே. அதெல்லாம் ஊர் வழக்கம், யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆக, நான் இருநூற்றைம்பது வரைக்கும் தள்ளலாம். அதற்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் நிலம் வாங்கப் பணம் பற்றாது. இந்தக் கணக்கு எனக்கு நன்றாகவே தெரியும். படிக்காதவள்தான், ஆனால் மண்டை இருக்கிறது.

ஏலத்துக்கு இரண்டு நாள் முன்னால் வாய்க்கால் துறையில் ஒருத்தி என் காதைக் கடித்தாள். "ஒன் தங்கச்சி வீட்டுக்காரரு காரியக்காரரப் பாத்துப் பேசினாராமே? அந்த ஒரு மாவுக்கு?"

எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டது. நிலம் கைமாறினாலும் குத்தகைக்காரனை வெளியேற்ற முடியாது, சட்டம் இருக்கிறது. ஆனால் குத்தகை நெல்லை யாருக்கு அளப்பது? என் தங்கச்சிக்கு! களத்தில் அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்பாள், என் புருஷன் மரக்காலைப் போட்டு அளப்பார், நான் சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். அதற்கு நான் அந்த வாய்க்காலிலேயே விழுந்து செத்துப்போவேன்.

சீட்டின் ஆறாவது மாத ஏலம் அது. ஜமுக்காளம் விரித்துப் போட்டிருந்தது. நான் கதவோரம். அவள் எனக்கு எதிரே, புருஷனோடு. புதுச் சுங்குடிச் சேலை வேறு.

"யாருக்கும்மா தேவை? கேளுங்க" என்றார் சீட்டுக்காரர்.

"எனக்கு நூறு தள்ளு" என்றேன்.

"நூத்தம்பது" என்றாள் அவள், என் முகத்தைப் பார்க்காமல்.

இன்னும் இரண்டு பேர் கேட்டுப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். நாங்கள் இரண்டு பேர்தான் பாக்கி. நான் இருநூறு என்றேன். அவள் இருநூற்றுப் பத்து. நான் இருநூற்று நாற்பது. அவள் இருநூற்றைம்பது. என் வீட்டுக்காரர் என் முழங்கையைக் கிள்ளினார். "இந்தா, போதும். இதுக்கு மேல போனா கட்டாது. அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

"அடுத்த மாசம் நெலம் யாருதுங்க?" என்று அவர் காதில் சீறினேன். மிச்சத்தைப் புரட்டிக்கொள்ளலாம், இவள் கைக்குப் பணம் போகக் கூடாது. அந்த நேரத்தில் என் மண்டையில் இருந்தது அது ஒன்றுதான். முந்நூறு என்றேன். அவள் முந்நூற்று இருபது. முந்நூற்றைம்பது. முந்நூற்று எழுபது. மற்றவர்கள் வாயெல்லாம் பல். எங்கள் இரண்டு பேர் சண்டையில் அவர்களுக்குக் கழிவு ஏறிக்கொண்டே போகிறதே, சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

"முந்நூத்தித் தொண்ணூறு!" என்று நான் கத்திய கத்தலில் கடையில் துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். அவள் புருஷன் அவள் கையைப் பிடித்து அழுத்தினார். மூடிக்கொண்டாள்.

"முந்நூத்தித் தொண்ணூறு போக அறுநூத்திப் பத்து ஒங்களுக்கு" என்றார் சீட்டுக்காரர். "என் கமிஷன் அம்பது போக முந்நூத்தி நாப்பது. ஆளுக்குப் பதினேழு கழிவு. எல்லாரும் இந்த மாசம் முப்பத்திமூணு கட்டுங்க."

என் பணத்தில் பதினேழு ரூபாய் அவளுக்கும் போகிறது! ஜெயித்தது நான், கூலி அவளுக்கா? எனக்கும் அதே பதினேழு கழியும் என்று வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார். ஆமாம், முந்நூற்றுத் தொண்ணூறைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் பதினேழைத் திருப்பி வாங்கிக்கொள்கிற பெரிய மகாராணி நான்.

இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட்டதும் அறுநூற்றுப் பத்தும் கைக்கு வந்தது. நூற்று நாற்பது குறைந்தது. நடவு நேரம். எவனிடம் கேட்டாலும், "விதை நெல்லு வாங்கவே வழியில்ல, நீங்க வேற" என்றான்.

அந்த வாரமே அவள் சீட்டுக்காரரிடம் போய், தன் சீட்டை முடித்துக் கொடுத்துவிடச் சொல்லிக் கேட்டாளாம். அவர் சொன்னதை என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டு வந்தார். பாதியில் போனால் இதுவரை கையிலிருந்து கட்டின பணம் மட்டும்தான் திரும்பும். கழிவாகக் கழிந்தது அவள் கட்டின கணக்கில் வராது. அதிலும் கமிஷன் ஐம்பதைப் பிடித்துக்கொள்வார். அதுவும் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்த பிறகுதான். எனக்குக் குளுகுளு என்று இருந்தது. அன்றைக்கு ரசம்கூட நன்றாக அமைந்தது.

மறுநாள் அவளே வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, எவ்வளவு கொறையுது?"

"ஒண்ணும் கொறையல."

"எனக்குத் தெரியும். நூத்தி நாப்பது. சீட்டு இல்லாட்டியும் அவரு ஸ்டேஷன்ல கைமாத்தா வாங்கித் தர்றேன்னாரு. நான் போடுறேன். பத்திரத்துல ரெண்டு பேரு பேரையும் போட்டுக்குவோம்."

"ஏண்டி, ஆயிரத்தி எண்ணூத்தி அறுவது நான் போடுவேன், நூத்தி நாப்பதுக்கு நீ பாதிப் பேரா?"

"பாதி கேக்கலக்கா. ஓரமா என் பேரு இருந்தாப் போதும். மாசச் சம்பளம் வந்து என்னா, நம்ம மண்ணுன்னு சொல்லிக்க ஒரு பிடி கூட இல்ல."

ரேடியோ வைத்திருப்பவள் என் நிலத்துக்கு ஏங்குகிறாள் என்று தெரிந்தபோது எனக்கு எவ்வளவு இனித்தது, தெரியுமா? அந்த இனிப்பை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. "என் நெலத்துல எவ பேரும் வேணாம். போடி" என்றேன். அவள் படியிறங்கிப் போனாள்.

ஆடி முடிந்தது. வேறு வழியில்லாமல் நான் பணத்தை எடுத்துக்கொண்டு ஜவுளிக்கடைக்குப் போனேன். "அந்த அறுநூத்திப் பத்தையும் வச்சிக்குங்க. எனக்குச் சீட்டே வேணாம். முடிச்சு விடுங்க."

அவர் முகத்தில் கோபமே இல்லை. "எடுத்த சீட்டத் திருப்ப முடியாதும்மா. முடிக்கணும்னா பாக்கிப் பதினாலு மாசத்துக்கும் மாசம் அம்பது, எழுநூறு கட்டணும். வரப்போற கழிவ இப்பவே எப்படிக் கழிக்கிறது? ஏலம் நடந்தாத்தானே தெரியும்? முன்கூட்டியே முடிக்கிறவங்களுக்குக் கழிவு கெடையாது. பேசாம மாசா மாசம் கட்டுங்க, லாபம்."

அறுநூற்றுப் பத்து வாங்கினவள் எழுநூறு கட்டி வெளியே போகவேண்டும். நான் எழுந்தேன்.

"இன்னொண்ணும் சொல்லிடுறேன்" என்றார் அவர். "அந்த வாய்க்கா ஓரத்து ஒரு மாவ நான் பேசி முடிச்சிட்டேன். பயப்படாதீங்க. குத்தகை ஒங்களுக்கேதான்."

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியாது. அழுதேன். அழுகைக்கு நடுவிலும், 'நல்லவேளை, அவள் வாங்கவில்லை' என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது.

தை அறுப்பு முடிந்து களத்தில் நெல் அளந்த அன்று ஜவுளிக்கடைக்காரரின் ஆள் வந்து நின்றான். அந்த வருஷம் பயிரில் புகையான் பூச்சி விழுந்து பாதி பதராகப் போயிருந்தது. என் வீட்டுக்காரர் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். "பேசினது பேசினதுதான், மொதலாளி கண்டிப்பா சொல்லிட்டாரு" என்று அவன் ஒரு மரக்கால்கூடக் குறைக்கவில்லை. மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். எங்களுக்கு மிஞ்சியது கூலிக்கே சரியாகப் போயிற்று.

அந்த வழியாக வந்த என் தங்கச்சி வரப்பில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போன பிறகு களத்துக்குள் இறங்கி என் பக்கத்தில் வந்தாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"நான் வாங்கியிருந்தா இந்த வருஷம் ஒங்கிட்ட ஒரு மணி நெல்லு வாங்கியிருக்க மாட்டேன், அக்கா."

"தெரியும்டி" என்றேன். "அதுக்காகத்தான் ஒன்ன வாங்க விடல."