சர்க்கரை என்று எழுதி ஒட்டிய டப்பா

என் ஆயாவுக்கு எழுபத்தாறு வயது. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டை ஒட்டிய சந்தில் வீடு. தாத்தா போன பிறகு மாடியில் இருக்கும் மூன்று அறைகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுத் தனியாகத்தான் இருக்கிறாள். நான் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று அனுமதி கிடைத்த ஒரு வாரம், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஆயா வீட்டுக்கு வந்தேன்.

சமையலறை அலமாரியில் மூன்று பழைய பிஸ்கட் டப்பாக்கள் இருந்தன. மூன்றிலும் மாத்திரைகள். ஆயாவுடையவை, தாத்தா சாப்பிட்டு மிச்சம் வைத்தவை, அம்மா வந்தபோது விட்டுப்போனவை, ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர்கள் மேஜையில் போட்டுவிட்டுப் போனவை என்று எல்லாம் கலந்து கிடந்தன. பல அட்டைகளைக் கடைக்காரர் கத்தரித்துக் கொடுத்திருந்ததால் பெயர் ஒரு துண்டிலும் தேதி இன்னொரு துண்டிலும் போயிருந்தது. அட்டையே இல்லாமல் பேப்பர் கவரில் கொட்டிக் கிடந்தவை வேறு.

"ஆயா, இதெல்லாம் எப்படி ஆயா கண்டுபிடிப்ப?"

"எனக்குத் தெரியும். நீ உன் வேலையப் பாரு."

நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆயா கோயிலுக்குப் போன நேரத்தில் மூன்று டப்பாவையும் பாயில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு பெயரையும் போனில் தேடினேன். எது எதற்கான மாத்திரை என்று வந்ததோ அதன்படி குவியல் பிரித்தேன். தேதி தாண்டியவற்றைக் குப்பையில் போட்டேன். டப்பாக்களைத் துடைத்து, வெள்ளைத் தாளில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். 'சர்க்கரை.' 'பிரஷர்.' 'காய்ச்சல், வலி.' ஐந்தாம் வகுப்பு வரை படித்த ஆயாவால் தமிழைப் படிக்க முடியும். அட்டையில் இருக்கும் இங்கிலீஷைத்தான் படிக்க முடியாது. அதனால் பெரிய உபகாரம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு. போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் கூடப் போட்டேன்.

இரண்டு அட்டைகளை ஆயா ரப்பர் பேண்ட் போட்டுச் சேர்த்து வைத்திருந்தாள். அதையும் கழற்றி, உரிய டப்பாக்களில் பிரித்துப் போட்டேன்.

மறுநாள் கிருத்திகை. ஆயா விரதம். காலையில் காபி மட்டும் குடித்தாள். நான் உள்ளறையில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். பத்தரை மணி இருக்கும், மாடியில் தங்கியிருந்த வெள்ளைக்காரம்மா வந்து கதவைத் தட்டோ தட்டென்று தட்டினாள். "பாட்டி, பாட்டி" என்பதைத் தவிர அவளுக்கு வார்த்தை வரவில்லை.

ஆயா மாடிப்படியின் கீழ்ப்படியில் சரிந்து உட்கார்ந்திருந்தாள். புடவை முழுக்க நனைந்திருந்தது. தண்ணீர் கொட்டிக்கொண்டாள் என்று நினைத்துத் தொட்டேன். வியர்வை. உடம்பு ஜில்லென்று இருந்தது. கை வெடவெடவென்று நடுங்கியது.

"ஆயா, என்னா பண்ணுது?"

என்னைப் பார்த்தாள். பார்வை என்மேல் நிற்கவில்லை. "மாட்டப் புடிச்சுக் கட்டு, மழ வருது" என்றாள். எங்கள் வீட்டில் மாடு இருந்து முப்பது வருஷம் ஆகிறது. பக்கவாதம் என்றுதான் நினைத்தேன். வாயில் தண்ணீர் ஊற்றப் போன என் கையை வெள்ளைக்காரம்மா பிடித்து நிறுத்தி, விழுங்க முடியாது, புரையேறும் என்று சைகையில் காட்டினாள். சந்து முனையில் நின்ற ஆட்டோவில் மூவருமாக ஏறினோம். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் ஆயாவின் தலை என் தோளில் தொங்கிவிட்டது.

டியூட்டியில் இருந்த டாக்டரம்மாவுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். முதல் வேலையாக ஆயாவின் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மெஷினில் வைத்தாள். முப்பத்தி நாலு என்று காட்டியது.

"சுகர் இறங்கிடுச்சு, எழுபதாவது இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே நரம்பில் ஊசி ஏற்றி, பெரிய சிரிஞ்சில் குளுக்கோஸை மெதுவாகச் செலுத்தினாள். ஐந்து நிமிஷம் கூட ஆகியிருக்காது. ஆயா கண்ணைத் திறந்து, "எவடி என் கையில குத்தனது?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்ன மாத்திரை சாப்பிடறாங்க?"

எனக்குப் பெயர் தெரியவில்லை. குரூப்பில் போட்டதோடு, ஒவ்வொரு டப்பாவையும் திறந்து வைத்து எடுத்த படங்களும் போனில் இருந்தன. நீட்டினேன். டாக்டரம்மா சர்க்கரை டப்பா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அப்புறம் ஆயாவிடம் குனிந்தாள்.

"பாட்டி, இன்னிக்கு இதுல எத்தன சாப்பிட்டீங்க?"

"நாலு. வகைக்கு ஒண்ணு. பிரஷருது ராத்திரிக்குத்தான்."

"ஏன் நாலு?"

ஆயா என்னைக் காட்டினாள். "என் பேத்திதான் சர்க்கரைக்குன்னு எழுதி வச்சிருந்தா. படிச்ச புள்ள, ஓகோ, இத்தனையும் சாப்பிடணும் போலன்னு எடுத்துக்கிட்டேன்."



டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. படத்தில் ஒவ்வொரு அட்டையாகத் தொட்டுக் காட்டினாள். ஒன்று ஆயா இப்போது சாப்பிடவேண்டியது. சர்க்கரையை வேகமாக இறக்கும் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. இன்னொன்று பழைய டாக்டர் எழுதியது. கம்பெனிப் பெயர் வேறு, உள்ளே இருப்பது அதே கிளிமிபிரைடு, அளவு ஜாஸ்தி. மூன்றாவது தாத்தாவுடைய கிளிபென்கிளமைடு; அதுவும் அதே ஜாதி. நாலாவது வெறும் மெட்ஃபார்மின்.

"பெரிசா போட்டிருக்கிறது கம்பெனி வச்ச பேரு. அதுக்குக் கீழே பொடி எழுத்துல இருக்கறதுதான் மருந்து. மூணு பேரு இருந்தா மூணு மருந்துன்னு அர்த்தமில்லை. இவங்க வெறும் வயிறு வேற."

"இப்போ சரியாயிடுச்சு இல்லைங்களா? கூட்டிட்டுப் போகலாமா?"

"கூடாது. இந்த மாத்திரை வயசானவங்க உடம்புல ஒரு நாளைக்கு மேலயும் வேலை செய்யும். கிட்னி கொஞ்சம் மந்தமா இருந்தா இன்னும் நேரமாகும். திரும்ப இறங்கும்."

எனக்கு நம்பிக்கையில்லை. ஆயா இட்லி சாப்பிட்டுவிட்டு, பக்கத்துக் கட்டில்காரியோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள். மணிக்கொரு தடவை விரலைக் குத்திப் பார்த்தார்கள். மூன்று மணிக்குப் பேச்சின் நடுவில் குரல் குழறியது. குத்திப் பார்த்தால் ஐம்பத்திரண்டு. வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தால் மத்தியானத் தூக்கம் என்று நினைத்துக் கதவைச் சாத்தியிருப்பேன்.

குளுக்கோஸ் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தபோது ஆயா என் பக்கம் திரும்பினாள்.

"ரப்பர் பேண்டு போட்டு வச்சிருந்தேனே, அத என்னா பண்ண?"

"கழட்டிட்டேன் ஆயா."

"அதுதான்டி நான் திங்கறது. மத்ததெல்லாம் சும்மா கெடந்தது. தூக்கிப் போட மனசு வரல, அவ்ளோதான். டப்பா நாறிக் கெடந்தாலும் எனக்குத் தெரியும்ல? ஒரு வார்த்த என்னைக் கேட்டியா நீ?"

கேட்கவில்லை. 

இரண்டாம் நாள் சாயங்காலம்தான் விட்டார்கள். ரத்தப் பரிசோதனையில் கிட்னி சற்று மந்தம் என்று வந்ததால் கிளிமிபிரைடையே நிறுத்தி, வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வேண்டாததையெல்லாம் கொண்டுவாங்க, குப்பையில் போடாதீங்க, யாராவது எடுத்துச் சாப்பிட்டுடுவாங்க என்று டாக்டரம்மா சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை நானே குப்பையில் போட்டது நினைவுக்கு வந்தது. நல்லவேளையாக அந்தப் பை இன்னும் பின்கட்டிலேயே கிடந்தது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பை நிறைய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதற்கு முன் மறுபடியும் பாயைப் போட்டோம். இந்த முறை ஆயா நடுவில் உட்கார்ந்தாள். நான் பொடி எழுத்தைப் படிக்க, டாக்டர் சீட்டில் இருக்கிறதா என்று பார்க்க, அவள் இது யாருடையது, எப்போது வந்தது என்று சொன்னாள். ஒன்றுகூடத் தவறவில்லை. ஒரு அட்டையைக் கையில் எடுத்ததும் நிறுத்தினாள்.

"இதுல எதிர் வீட்டம்மாவுக்கு ரெண்டு குடுத்தேன். தலை சுத்துதுன்னா."

தாத்தாவின் பிரஷர் மாத்திரை. பிரஷர் இல்லாதவர்கள் சாப்பிட்டால் மயங்கியே விழுந்துவிடலாம். நான் செருப்புக்கூடப் போடாமல் எதிர் வீட்டுக்கு ஓடினேன். அந்தம்மா கதவைத் திறந்து, "மறந்தே போயிட்டேன்மா" என்று காலண்டருக்குப் பின்னால் இருந்து இரண்டு மாத்திரையையும் எடுத்துக் கொடுத்தாள். வாங்கி வந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் பையில் போட்டேன்.